பழுதான ஷூவை முதல்ல எடுக்கணுமா, மாத்து சரக்கை முதல்ல அனுப்பணுமா? கஸ்டமர் தேதி கேக்குறாங்க

ராணிப்பேட்டை_டெஸ்பேட்ச்

எல்லாருக்கும் வணக்கம். நான் ராணிப்பேட்டை சிப்காட்ல ஒரு சின்ன ஷூ யூனிட்ல வேலை பாக்குறேன், டெஸ்பேட்சும் கஸ்டமர் போனும் ரெண்டுமே என் தலையில தான். ஓசூர்ல ஒரு மெஷின் ஷாப்புக்கு 300 ஜோடி சேஃப்டி ஷூ சப்ளை பண்ணோம், ஜோடி 780 ரூபா. ரெண்டு மாசம் கூட ஆகல, 84 ஜோடில முன்பக்கம் மடங்குற எடத்துல சோல் பிரிஞ்சு வாயைத் திறந்துனு இருக்குதுன்னு போட்டோ அனுப்பிட்டாங்க. போட்டோ பாத்தாலே நம்ம தப்புன்னு தெரியுது, அதுல ஓனருக்கும் எனக்கும் சண்டையில்ல.

சண்டை இன்னான்னா, ஓனர் சொல்றார் பழைய 84 ஜோடியும் நம்ம கைக்கு வந்து எண்ணிப் பாத்த பிறகு தான் புதுசு கிளம்பணும்னு. அங்க ஸ்டோர்ஸ்ல இருக்குற சார் சொல்றார், ஷூ இல்லாம ஒருத்தனையும் ஷாப் ஃப்ளோருக்குள்ள விட மாட்டாங்க, பழசை உங்ககிட்ட குடுத்துட்டு 84 பேரை வீட்டுக்கு அனுப்பவா, நீ முதல்ல டெஸ்பேட்ச் தேதி சொல்லுமான்னு. நான் வாய் தவறி அடுத்த வாரம் அனுப்பிடுவோம் சார்னு சொல்லிட்டேன். இப்போ தினம் ரெண்டு தடவை போன் வருது. இத எப்படி கோர்வையா பண்றதுன்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க, பிக்கப்புக்கு இன்னா பேப்பர் வேணும்னும் சொல்லுங்க.

பாலாத்தங்கரை

50 ஆயிரத்துக்கு மேல போனா இ-வே பில் கட்டாயம். 84 இன்ட்டு 780 போட்டா 65,520 வருது, அப்போ இ-வே பில் இல்லாம வண்டி நகரக்கூடாது. அப்புறம் கிரெடிட் நோட் போட்டு, புதுசுக்குத் தனியா இன்வாய்ஸ் போடணும். அதான் சட்டம், வேற வழியே கிடையாது.

காட்பாடி_கணேசு

எனக்கும் இதே பிரச்சனை தான் ஃப்ரெண்ட்ஸ். ஆன்லைன்ல மிக்ஸி வாங்குனேன், ஜார் லீக் ஆவுது, ரிட்டர்ன் போட்டா பிக்கப் பையன் மூணு நாளா வரல, கஸ்டமர் கிடைக்கலன்னு மெசேஜ் மட்டும் வருது. நான் வீட்லயே தான் இருக்கேன். யார்கிட்ட கம்ப்ளெயின்ட் பண்றது?

முத்துக்கடை_78

கணேசு தம்பி, உங்களுது வாங்குனவர் பக்கத்து விஷயம், இங்க கேக்குறது அனுப்புனவங்க பக்கத்து விஷயம். ஆப்ல ஆர்டருக்குள்ள போய் பிக்கப் தேதியை மறுபடி போடுங்க, போன் நம்பர் சரியா இருக்குதான்னும் பாருங்க. முடியலன்னா 1915ல தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்குது.

இப்போ தங்கச்சி விஷயத்துக்கு வர்றேன். நான் 22 வருஷம் ஷூ கம்பெனில டெஸ்பேட்ச், அப்புறம் குவாலிட்டி, ரெண்டும் பாத்தவன். பாலாத்தங்கரை தம்பி பாதி சரியா சொல்லியிருக்கார். 50 ஆயிரம் கணக்கு வெளி மாநிலத்துக்கு. தமிழ்நாட்டுக்குள்ளயே ஓடுற சரக்குக்கு இங்க வரம்பு 1 லட்சம். ஓசூர் நம்ம மாநிலம் தான், வரி சேத்துப் பாத்தாலும் இந்தச் சரக்கு 1 லட்சத்துக்கு ரொம்ப கீழ, அதனால இ-வே பில் வேணாம். ஆனா பேப்பரே வேணாம்னு நினைச்சுடாதீங்க. கஸ்டமர் அவங்க பேர்ல டெலிவரி சலான் போட்டுத் தரணும், மூணு காப்பி, ஒண்ணு நமக்கு, ஒண்ணு வண்டிக்கு, ஒண்ணு அவங்களுக்கு. அதுல நம்ம பழைய இன்வாய்ஸ் நம்பர், தேதி, சைஸ் வாரியா எத்தனை ஜோடி, மதிப்பு எவ்வளவு, எதுக்காகத் திரும்பி வருதுன்னு ஒரு வரி, இதெல்லாம் இருக்கணும்.

அதை விட முக்கியமா ஒண்ணு, கேட் பாஸ். ஃபேக்டரிக்குள்ளருந்து ஒரு ஆணி வெளிய போனாலும் செக்யூரிட்டி கேட் பாஸ் கேப்பான். ஸ்டோர்ஸ் சார் வாங்கய்யா எடுத்துட்டுப் போங்கன்னு போன்ல சொல்லிடுவார், வண்டி போய் நின்னா கேட் பாஸ்ல கையெழுத்து போடுற மேனேஜர் மீட்டிங்ல இருப்பார், டிரைவர் மதியம் வரைக்கும் மரத்தடியில உக்காந்துனு இருப்பான். பிக்கப்புக்கு முந்தின நாள் சாயங்காலமே கேட் பாஸ் ரெடியாகி அதோட போட்டோ உங்க போனுக்கு வந்தா தான் வண்டி சொல்லணும்.

அப்புறம் எனக்கு ரெண்டு பதில் வேணும். 84 ஜோடி, எந்த சைஸ் எத்தனை? உங்க குடோன்ல அதே மாடல் ரெடியா எத்தனை இருக்குது?

ராணிப்பேட்டை_டெஸ்பேட்ச்

ரொம்ப நன்றிண்ணா. இ-வே பில் நினைச்சு தான் ராத்திரி தூக்கமே இல்ல. சைஸ் கணக்கு இது:

6ம் நம்பர் 8, 7ம் நம்பர் 19, 8ம் நம்பர் 31, 9ம் நம்பர் 18, 10ம் நம்பர் 8.

குடோன்ல 7ல 10, 8ல 20, 9ல 12 இருக்குது, மொத்தம் 42. பாதி கையில இருக்குதே, நாளைக்கே பார்சல் போட்டுடலாமான்னு தோணுது.

முத்துக்கடை_78

அவசரப்படாதமா. அந்த 42 ஜோடி எந்த லாட்? நாக்குல தச்சிருக்குற லேபிள்ல மாசம் வருஷம் போட்டிருக்கும், ஓசூர் போன சரக்கோட அதே மாசமா பாரு. அதே நாள் அதே லாஸ்டிங் லைன்ல ஒட்டுனதா இருந்தா அதுவும் ரெண்டு மாசத்துல பிரியும். மாத்தி அனுப்புன ஷூவும் பிரிஞ்சுட்டா அந்தக் கஸ்டமர் ஆயுசுக்கும் நம்மள நம்ப மாட்டார்.

இன்னொண்ணு செய். போட்டோல பிரிஞ்ச எடத்தைக் கிட்டத்துல எடுத்து அனுப்பச் சொல்லு, பசை எந்தப் பக்கம் நிக்குதுன்னு பாக்கணும். பசைப் படலம் முழுசா சோல் மேல இருந்து, லெதர் பக்கம் வழவழன்னு பளபளப்பா இருந்தா, அப்பர் ஓரத்தை சரியா ரஃப் பண்ணாம ஒட்டியிருக்காங்கன்னு அர்த்தம். லெதரோட மேல் தோலைச் சொரசொரன்னு நார் தெரியுற வரைக்கும் தேச்சா தான் பசை உள்ள இறங்கிப் பிடிக்கும். பசை லெதர்ல இருந்து சோல் பக்கம் சுத்தமா இருந்தா, சோலுக்கு பிரைமர் போடாம விட்டிருப்பாங்க இல்ல சோல்ல அச்சு எண்ணெய் துடைக்காம இருந்திருக்கும். ரெண்டு பக்கமும் பசை இருந்து ஒண்ணோட ஒண்ணு பிடிக்கலன்னா சூடு பத்தல, இல்ல சூடு காட்டிட்டு ரொம்ப நேரம் விட்டு அமுக்கியிருக்காங்க. எதுன்னு தெரியாம புதுசு ஒட்டுனா அதே தப்பு திரும்ப வரும்.

கைத்தறிக்காரன்_ஆரணி

நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும். எங்களுது பட்டுப்புடவை. பெங்களூர்ல ஒரு கடைக்கு அனுப்புனதுல 14 புடவைல ஊடை இழுத்துனு கோடு விழுந்துடுச்சு. திருப்பி அனுப்புங்கன்னு சொன்னேன், கடைக்காரர் வெறும் துண்டுச் சீட்டுல எழுதி தெரிஞ்ச டிரைவர் கிட்ட குடுத்து அனுப்பிட்டார். மதிப்பு 1 லட்சத்துக்கு மேல, வெளி மாநிலம் வேற. ஓசூர் தாண்டி செக்கிங்ல வண்டிய நிறுத்திட்டாங்க. வரிக்கு ரெண்டு மடங்கு அபராதம் கட்டி தான் வெளிய எடுத்தோம். பழுதான சரக்கு சார், விக்கப் போறது இல்லன்னு எவ்வளவோ சொன்னேன், பேப்பர் எங்கன்னு மட்டும் தான் கேட்டாங்க. அதனால தங்கச்சி, உங்களுக்கு இ-வே பில் வேணாம்னு அண்ணன் சொன்னது சரி, ஆனா சலான் இல்லாம ஒரு ஜோடி கூட ஏத்தாதீங்க.

முத்துக்கடை_78

ஆரணி அண்ணன் சொன்னது எல்லாரும் கவனிக்க வேண்டியது. ரிட்டர்ன் சரக்குக்கு வாங்குன பார்ட்டி இ-வே பில் போடலன்னா நம்மளே போடலாம். போர்ட்டல்ல `Inward` எடுத்து, அதுல `Sales Return`, டாகுமெண்ட் `Delivery Challan`. அனுப்புற எடம் அவங்க விலாசம், வந்து சேர்ற எடம் நம்ம விலாசம். நம்ம லாகின்லருந்தே போடலாம், அவங்கள எதிர்பாத்துனு இருக்க வேண்டியது இல்ல.

டேலி_அக்கா

வேலூர் சத்துவாச்சாரில ஆடிட்டர் ஆபீஸ்ல இருக்கேன். கிரெடிட் நோட் விஷயம் மட்டும் சொல்லிட்டுப் போறேன். பாலாத்தங்கரை சொல்ற மாதிரி கிரெடிட் நோட் போட்டு புது இன்வாய்ஸ் போடுறதும் ஒரு வழி, தப்பில்ல. ஆனா அது மட்டும் தான் வழின்னு சொல்ல முடியாது. வாரண்டி காலத்துக்குள்ள பழுதான பொருளை காசு வாங்காம மாத்திக் குடுத்தா, அந்த மாத்து சரக்குக்கு தனியா ஜிஎஸ்டி கட்ட வேணாம், அதுக்கு எடுத்த இன்புட் கிரெடிட்டையும் திருப்ப வேணாம்னு தெளிவு இருக்குது. 2023 ஜூலைல உதிரி பாகத்துக்குன்னு சுத்தறிக்கை வந்துச்சு, 2024 ஜூன்ல முழுப் பொருளை மாத்துறதுக்கும் அதையே விரிவாக்கிட்டாங்க, நம்பர் 216. அதனால முதல்ல அவங்க பிஓவை எடுத்துப் பாருங்க, வாரண்டின்னு ஒரு வரி இருக்குதா?

ராணிப்பேட்டை_டெஸ்பேட்ச்

பாத்துட்டேன்கா, பிஓ பின்பக்கம் தயாரிப்புக் குறைக்கு 6 மாசம்னு இருக்குது. ஆனா சிக்கல் இன்னான்னா அவங்க அக்கவுண்ட்ஸ் ஏற்கனவே 84 ஜோடிக்கு டெபிட் நோட் அனுப்பிட்டாங்க. ஸ்டோர்ஸ் மாத்திக் குடுன்றாங்க, அக்கவுண்ட்ஸ் பணத்தைக் கழிக்கிறாங்க.

அண்ணா, லாட் பாத்தேன். 8ம் நம்பர் 20 ஜோடியும் அதே மாசம்! 7ம் 9ம் வேற மாசம். அந்த 20ல ரெண்டை எடுத்து மாஸ்டர் குறடு போட்டு முன்பக்கம் இழுத்தார், காகிதம் உரியுற மாதிரி வந்துடுச்சு, பசை எல்லாம் சோல்லயே இருக்குது, லெதர் பக்கம் கண்ணாடி மாதிரி பளபளங்குது. நீங்க சொன்ன அதே தான். வேற மாசத்து ஜோடியை இழுத்தா குறடு தான் வழுக்குது, கடைசில லெதர் நாரோட பிச்சுனு வந்துச்சு. நீங்க சொல்லலன்னா நாளைக்கு அந்த 20ம் ஓசூர் போயிருக்கும்ணா, நெனச்சாலே பதறுது.

டேலி_அக்கா

டெபிட் நோட்டும் இருந்து மாத்து சரக்கும் போனா ஒரே பழுதுக்கு ரெண்டு தடவை குடுத்த மாதிரி ஆயிடும்மா. டெபிட் நோட்டை வாபஸ் வாங்குறோம்னு எழுத்துல வாங்குங்க, இல்லன்னா கிரெடிட் நோட் + புது இன்வாய்ஸ் வழிக்குப் போங்க. எதுன்னு உங்க ஆடிட்டர் அவங்க அக்கவுண்ட்ஸோட பேசித் தான் முடிவு பண்ணணும், நான் இங்கருந்து சொல்ல முடியாது.

பாலாத்தங்கரை

சரி, 1 லட்சம் விஷயம் நான் கவனிக்கல, ஒத்துக்குறேன். ஆனா ஓனர் சொல்றதுலயும் நியாயம் இருக்குது. பழசு வராம புதுசு குடுத்தா, அப்புறம் பழசுல பாதி காணோம்பாங்க. எங்க பம்ப் கடைல ரெண்டு தடவை ஏமாந்திருக்கோம்.

முத்துக்கடை_78

ஓனர் பயம் நியாயம் தான். ஆனா இது பம்ப் இல்ல, ஆளுங்க கால்ல மாட்டியிருக்குற பொருள். அதனால மூணு கட்டமா பிரிச்சுக்கோமா.

முதல்ல சாம்பிள். சோல் முழுசா கழண்டு போட முடியாமயே கிடக்குற ஜோடி எப்படியும் நாலஞ்சு இருக்கும், அந்த ஆளுங்க ஏற்கனவே வேற ஏதோ போட்டுனு தான் வேலை செய்றாங்க. அதுல 4 ஜோடி மட்டும் இன்னிக்கே கூரியர்ல வரவழை. ஓனர் கண்ணால பாப்பார், மாஸ்டருக்கும் காரணம் உறுதியாவும்.

ரெண்டாவது, கையில இருக்குற நல்ல லாட். 7ல 10, 9ல 12, மொத்தம் 22 ஜோடி. இத எதுக்கும் காத்துனு இருக்காம பார்சல்ல போடு, சலான்ல இலவச மாத்து சரக்கு, இன்ன இன்வாய்ஸுக்கு எதிரான்னு எழுதி, வாடகை நம்ம கட்டிட்டு, டோர் டெலிவரி. டு-பேன்னு போட்டுடாத, அவங்க ஸ்டோர்ஸ் ஒரு ரூபா கட்ட மாட்டாங்க, சரக்கு பார்சல் ஆபீஸ்லயே கிடக்கும்.

மூணாவது, மீதி 62. 6ல 8, 7ல 9, 8ல 31, 9ல 6, 10ல 8. இது புதுசா ஒட்டணும். இது ரெடியானதும் ஒரு குட்டியானை வச்சு நீங்களே ஆள் கூட அனுப்பி, புதுசை இறக்கிட்டு அதே வண்டில பழைய 80 ஜோடியும் ஏத்திட்டு வந்துடணும். கேட்லயே சைஸ் வாரியா எண்ணி சலான்ல ரெண்டு பேரும் கையெழுத்து. புதுசு குடுக்குற அந்த நிமிஷமே பழசு கைக்கு வருது, ஓனருக்கும் நிம்மதி, ஸ்டோர்ஸ் சாருக்கும் நிம்மதி. போறப்ப வர்றப்ப ரெண்டு பக்கமும் சரக்கு இருக்குறதால தனி பிக்கப் வாடகையும் மிச்சம்.

இப்போ தேதி. தேதியை உங்க வாயிலருந்து சொல்லாத, லைன்லருந்து வாங்கிச் சொல்லு. சோல் எப்போ வருது, அப்பர் இருக்குதா, லாஸ்டிங்ல எந்த நாள் உனக்கு லைன் குடுப்பாங்க?

ராணிப்பேட்டை_டெஸ்பேட்ச்

கேட்டுட்டேன்ணா. சோல் ஆம்பூர்லருந்து திங்கள் வருது. அப்பர் 10ம் நம்பர் மட்டும் இல்ல, கட்டிங் போட்டு தச்சு செவ்வாய் தர்றேன்னு சொல்லிட்டாங்க. லாஸ்டிங் செவ்வாய் மதியமும் புதனும். ரஃபிங் பண்றப்ப மாஸ்டரே நின்னு பாக்குறேன்னு சொல்லியிருக்கார். அப்போ வியாழன் பேக் பண்ணி வியாழன் சாயங்காலமே டெஸ்பேட்ச்னு சொல்லட்டுமா?

முத்துக்கடை_78

வேணாம். ஒட்டுன உடனே பசை முழு பலத்துக்கு வராது, ஒரு நாளாவது சும்மா விட்டு அப்புறம் தான் ரெண்டு மூணு ஜோடியை இழுத்துப் பாக்கணும். புதன் ஒட்டுனது வியாழன் முழுக்க நிக்கட்டும், வெள்ளி காலைல இழுத்துப் பாத்து, வெள்ளி பேக்கிங். சனி வண்டி விடலாம், ஆனா சனிக்கிழமை அவங்க ஸ்டோர்ஸ் சரக்கு இறக்குமான்னு கேளு, நிறைய ஃபேக்டரில மதியத்துக்கு மேல இன்வர்ட் எடுக்க மாட்டாங்க. சந்தேகமா இருந்தா திங்கள்னு சொல்லு. சனின்னு சொல்லி திங்கள் போனா லேட், திங்கள்னு சொல்லி திங்கள் போனா சொன்ன சொல்.

அப்புறம் டெஸ்பேட்ச் வேற டெலிவரி வேற, அதையும் பிரிச்சு எழுது. அனுப்பிடுவோம்னு நீ சொன்னா, வந்துடும்னு தான் அவங்க காதுல விழும்.

ராணிப்பேட்டை_டெஸ்பேட்ச்

எழுதிப் பாத்தேன், சரியா பாருங்கண்ணா:

"சார் வணக்கம். பழுதான 84 ஜோடிக்கான மாத்து சரக்கு விவரம். முதல் தவணை 22 ஜோடி (7ல 10, 9ல 12) நாளை வியாழன் மாலை ராணிப்பேட்டையில் பார்சல் புக்கிங், அன்று இரவுக்குள் எல்ஆர் காப்பி உங்கள் போனுக்கு வரும், வெள்ளி அல்லது சனி உங்கள் கேட்டுக்கு வந்து சேரும். மீதி 62 ஜோடி அடுத்த வாரம் தயாரிப்பு, அதற்கடுத்த திங்கள் காலை 6 மணிக்கு எங்கள் வண்டி கிளம்பும், 11 மணிக்குள் உங்கள் கேட்டில் இருக்கும். அதே வண்டியில் பழைய 80 ஜோடியை எடுத்துக்கொள்கிறோம். அதற்கு முந்தைய சனிக்கிழமைக்குள் டெலிவரி சலானும் கேட் பாஸும் தயார் செய்து போட்டோ அனுப்பவும். டெஸ்டில் ஏதாவது தேறவில்லை என்றால் வெள்ளி மதியத்துக்குள் நானே போன் செய்து புதுத் தேதி சொல்கிறேன்."

முத்துக்கடை_78

நல்லா இருக்குது. கடைசி வரி தான் முக்கியம், அதை எடுத்துடாத. ஒரு வரி மட்டும் சேர்: பழைய ஜோடியை ரெண்டு காலும் லேஸால கட்டி, சைஸ் வாரியா சாக்குல போட்டு வைக்கச் சொல்லு. இல்லன்னா குவியலா கொட்டி வச்சிருப்பாங்க, எண்ணவே மதியம் ஆயிடும்.

கைத்தறிக்காரன்_ஆரணி

இந்த மெசேஜை நான் காப்பி எடுத்து வச்சுக்குறேன் தங்கச்சி. எங்களுக்கும் புடவைக்கு இதே மாதிரி எழுதலாம்.

ராணிப்பேட்டை_டெஸ்பேட்ச்

எல்லாருக்கும் அப்டேட். 22 ஜோடி சொன்ன நாள்ல புக் ஆச்சு, சனிக்கிழமை காலைல சேர்ந்துடுச்சு. எல்ஆர் காப்பி அனுப்புன நிமிஷத்துலருந்து போன் வர்றது நின்னு போச்சு. சாம்பிள் 4 ஜோடியும் அதே ரஃபிங் பிரச்சனை தான்.

62க்கு வெள்ளி காலைல இழுத்துப் பாத்தப்ப 10ம் நம்பர்ல ஒரு ஜோடி ஓரத்துல லேசா விட்டுச்சு. மாஸ்டர் அந்த 8 ஜோடியையும் நிறுத்திட்டார். மெசேஜ்ல சொன்ன மாதிரி வெள்ளி 12 மணிக்கே போன் பண்ணி, 54 திங்கள் வரும், 8 வியாழன் பார்சல்ல வரும்னு சொன்னேன். திட்டுவார்னு பயந்துனு இருந்தேன், சரிம்மா, முன்னாடியே சொன்னியே, அந்த 8 பேருக்கு நான் ஏற்பாடு பண்றேன்னு வச்சுட்டார்.

திங்கள் நானே வண்டில போனேன். பள்ளிகொண்டா டோல்ல கொஞ்சம் நின்னோம், 10:40க்கு கேட். கேட் பாஸ் ரெடி. 10ம் நம்பர் 8 பேர் கால்ல இன்னும் பழசு இருக்குதுல்ல, அதைக் கழிச்சா 72 ஜோடி வரணும். எண்ணுனா 72 இருந்துச்சு, ஆனா அதுல 3 ஜோடி நம்ம ஷூவே இல்ல, நாக்குல வேற கம்பெனி லேபிள். ஸ்டோர்ஸ் சாரே பாத்துட்டு தேடிப் பாக்குறேன்னார். சலான்ல 72ஐ அடிச்சு 69னு எழுதி ரெண்டு பேரும் கையெழுத்து போட்டோம், 3 பாக்கின்னும் எழுதியாச்சு. அந்த 3ம், 10ம் நம்பர் 8ம் வியாழனுக்கு அப்புறம் பார்சல்ல வரணும்.

டெபிட் நோட் இன்னும் முடியல. அவங்க அக்கவுண்ட்ஸ் 84 ஜோடியும் முழுசா மாறுன பிறகு தான் வாபஸ்னு சொல்றாங்க.

டேலி_அக்கா

அது நியாயம் தான்மா. வியாழன் எல்ஆரும், அந்த 11 ஜோடி வந்த சலானும் சேத்து அவங்க அக்கவுண்ட்ஸுக்கு மெயில்ல அனுப்புங்க, போன்ல சொல்லாதீங்க.

காட்பாடி_கணேசு

என் மிக்ஸிய இன்னிக்கு எடுத்துனு போயிட்டாங்க. போன் நம்பர்ல ஒரு எண் தப்பா இருந்துச்சு, முத்துக்கடை அண்ணன் சொன்னது தான்.